டக்குன்னு மாட்டப்பா: ஒரு வீதி நாடகப் பாட்டு உருவான கதை

போன ஜனவரியில் ஒரு கல்லூரி மாணவர் குழுவுக்குச் சாலைப் பாதுகாப்பு வீதி நாடகப் பாட்டு ஒன்று எழுதிக் கொடுத்தேன். பாட்டை மட்டும் அனுப்பச் சொல்லி நாலைந்து பேர் கேட்டிருந்தீர்கள். அது முதல் நாள் எப்படித் தோற்றது, எதைத் தூக்கி எறிந்தோம், எந்தச் சொல் எதற்காக அங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் உங்கள் ஊருக்கு ஏற்ற மாதிரி நீங்கள் மாற்றிக்கொள்ள முடியும். அதனால்தான் இவ்வளவு நீளம்.

நாடகம் நடந்தது ஒட்டன்சத்திரத்தில். பெரிய காய்கறிச் சந்தை இருக்கிற ஊர். விடிவதற்கு முன்பே தக்காளிக் கூடையும் முருங்கைக் கட்டுமாக இரு சக்கர வண்டிகள் வரத் தொடங்கிவிடும். தை மாதம் என்றால் திண்டுக்கல்லிலிருந்து பழனிக்கு நடந்து போகும் பாதயாத்திரைக் கூட்டமும் இதே சாலையில் சேர்ந்துகொள்ளும். ஜனவரியைத்தான் சாலைப் பாதுகாப்பு மாதமாகவும் நடத்துகிறார்கள். சந்தை, யாத்திரை, லாரி, பேருந்து எல்லாம் ஒரே சாலையில் நெரியும் நேரம் அது.

நான் முதலில் எழுதிக் கொடுத்த பல்லவி இது: "சாலை விதிகளை மதித்திடுவோம், விலைமதிப்பில்லா உயிர்களைக் காத்திடுவோம்." மண்டபத்தில் ஒத்திகை பார்த்தபோது நன்றாகத்தான் இருந்தது. மாணவர்கள் உற்சாகமாகப் பாடினார்கள். மறுநாள் காலை பேருந்து நிலைய வாசலில் பாடியபோது, சுற்றி நின்றவர்களில் ஒருவர்கூட வாயைத் திறக்கவில்லை. மூன்றாவது முறை பாடும்போது மாணவர்களின் குரலே அமுங்கிவிட்டது. பழனி வண்டி ஒன்று ஏர் ஹாரன் அடித்துக்கொண்டு உள்ளே திரும்ப, "உயிர்களைக் காத்திடுவோம்" என்ற பகுதி யார் காதிலும் விழவில்லை.

எங்களோடு பறை அடிக்க வந்திருந்தவரை எல்லோரும் வாத்தியார் என்றுதான் கூப்பிடுவார்கள். அறுபதைத் தாண்டியவர். பனியில் தோல் தொய்ந்துவிடுகிறது என்று நிலையத்துக்குப் பின்னால் காய்ந்த வைக்கோலைக் கொளுத்திப் பறையைக் காய்ச்சிக்கொண்டிருந்தார். நான் போய்ப் பக்கத்தில் குந்தினேன்.

"தம்பி, நீங்க எழுதுனதுல அடி எங்க விழுது?" என்றார்.

புரியவில்லை. அவர் அடிக்குச்சியால் பறையில் நாலு தட்டுத் தட்டிவிட்டு, "இந்த நாலுக்குள்ள ஜனம் சொல்லி முடிக்கணும். மூச்சு விட நேரம் இருக்கணும். நீங்க ஒரு பக்கக் கட்டுரையை வெச்சிருக்கீங்க" என்றார்.

அவர் சொன்னதை அப்போதே விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். என் வரியில் முப்பதுக்கும் மேற்பட்ட எழுத்துகள். பாடத் தெரிந்தவர்களுக்கு அது ஒன்றுமில்லை. வழியில் நின்று வேடிக்கை பார்ப்பவர் ஒரு வரியை ஒரு தடவை கேட்டு அடுத்த தடவை திருப்பிச் சொல்ல வேண்டும். அதற்கு அந்த வரி நாலு அடிக்குள் அடங்க வேண்டும். இரண்டு மூன்று சொல்லுக்கு மேல் தாங்காது.

எழுத்துக் கணக்கோடு போயிருந்தால் வெட்டிச் சுருக்கியிருப்பேன். வாத்தியார் இன்னொன்றும் சொன்னார். "நாம சொல்லி முடிக்கிறப்ப வாய் தொறந்திருக்கணும் தம்பி. 'ஓம்'னு மூடிட்டா சத்தம் மூக்குக்குள்ள போயிரும்." நான் அதைச் சொல்லிப் பார்த்தேன். "காத்திடுவோம்" என்று கத்தும்போது கடைசியில் உதடு ஒட்டிக்கொள்கிறது, சத்தம் அங்கேயே அறுந்துவிடுகிறது. அந்த நேரம் சாலையில் யாத்திரைக் கூட்டம் ஒன்று போனது. முன்னால் போனவர் "வேல் முருகனுக்கு" என்று இழுக்க, பின்னால் வந்த நூறு பேர் "அரோகரா" என்றார்கள். லாரிச் சத்தத்தைத் தாண்டி அது நிலையத்துக்குள் வந்தது.

வாத்தியார் சிரித்துக்கொண்டே கையை அந்தப் பக்கம் காட்டினார். அதற்கு மேல் அவர் எதுவும் சொல்லத் தேவையிருக்கவில்லை. அரோகரா, கோவிந்தா, பாரம் இழுப்பவர்களின் ஐலசா. கூட்டம் சேர்ந்து குரல் கொடுக்கிற நம் சொற்கள் பலவும் ஆகாரத்தில் முடிகின்றன. வாய் முழுக்கத் திறந்தபடி முடிகிற ஒலி தூரம் போகும், எத்தனை பேர் முன்னே பின்னே சொன்னாலும் ஒன்றாகக் கலந்துவிடும். இன்னொரு விஷயம், இவற்றில் மாறுகிற பகுதி எப்போதும் முன்னால் இருப்பவருடையது. கூட்டத்துக்கு மாறாத பகுதி மட்டும்தான். தெருக்கூத்தில் பின்பாட்டுக்காரர் வரியின் வாலைப் பிடித்துத் திருப்பிப் பாடுவதும் இதே ஏற்பாடுதான். நான் முழுப் பல்லவியையும் கூட்டத்தின் தலையில் ஏற்றியிருந்தேன்.

வடிவம் புரிந்துவிட்டது, இனி எதைச் சொல்வது? குழுவின் பட்டியலில் வேகம், மது, செல்போன், ஹெல்மெட், சீட் பெல்ட், சிக்னல், பதினெட்டு வயது நிறையாத பிள்ளைகள் என்று ஏழு விஷயங்கள் இருந்தன. ஏழையும் சொல்ல வேண்டும் என்று மாணவர் தலைவர் பிடிவாதம் பிடித்தார். அவர் பக்கமும் நியாயம் இருந்தது. வேகமாகப் போகிறவன் ஹெல்மெட் போட்டதாலேயே பிழைத்துவிடுவான் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் ஒரு பேருந்துக்குக் காத்திருப்பவர் பத்துப் பன்னிரண்டு நிமிடம் நின்றால் பெரிது. அந்த நேரத்தில் ஏழைச் சொன்னால் ஏழும் போய்விடும். அதோடு, "வேகத்தைக் குறை" என்பதை அந்த இடத்தில் நின்றுகொண்டு யாரும் செய்துகாட்ட முடியாது. பல்லவி சொல்லும் காரியத்தை, பாட்டு முடிவதற்குள் கூட்டம் கையால் செய்துபார்க்க முடிய வேண்டும் என்று நான் அடம்பிடித்தேன். அப்படி ஒன்று வேண்டும் என்றால் எது?

அதைக் கண்டுபிடிக்க சந்தை வாசலில் அரை மணி நேரம் நின்றோம். ஹெல்மெட் இல்லாதவர்கள் இருந்தார்கள். நாங்கள் எதிர்பார்க்காதது, போட்டிருந்தவர்களில் எத்தனை பேருடைய தாடைக்குக் கீழே வார் இரண்டு பக்கமும் தொங்கியது என்பது. ஒருவருக்கு லாக் உடைந்து வருஷமாகிவிட்டதாம். இன்னொருவர் கண்ணாடியில் மாட்டி வைத்திருந்ததை, திருப்பத்தில் காக்கிச் சட்டையைப் பார்த்ததும் எடுத்துக் கவிழ்த்துக்கொண்டார். சட்டத்துக்குப் பயந்து தலையில் ஏறிய ஹெல்மெட்டுக்கு லாக் போட நேரமிருக்காது. இத்தனைக்கும் மோட்டார் வாகனச் சட்டத்தின் 129-வது பிரிவே வாரால் தலையோடு உறுதியாகக் கட்டுவதைத்தான் கேட்கிறது. சும்மா கவிழ்த்துக்கொண்டால் அணிந்ததாகக் கணக்கில்லை. 2019-ல் திருத்திய சட்டத்தில் 194டி பிரிவின்படி ஆயிரம் ரூபாய் அபராதமும், மூன்று மாதம் உரிமம் செல்லாமல் போவதும் இதற்கும் சேர்த்துத்தான்.

அபராதத்தைப் பாட்டில் வைக்கவில்லை. வார் ஏன் வேண்டும் என்பதுதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. ஹெல்மெட்டின் உள்ளே தெர்மாகோல் போல ஒரு அடுக்கு இருக்கிறதல்லவா, அதுதான் வேலை செய்கிறது. தலை மோதும்போது அது நசுங்கி அடியை வாங்கிக்கொள்கிறது. நசுங்கிய இடம் மறுபடி எழும்பாது, அதனால்தான் ஒரு தடவை பலமாக அடிபட்ட ஹெல்மெட்டைத் திரும்பப் போடக் கூடாது என்கிறார்கள். அந்த அடுக்கு தலைக்கும் தரைக்கும் நடுவில் இருந்தால்தானே நசுங்கும்? வண்டியிலிருந்து விழும்போது தலை ஒரே ஒரு தடவை மட்டும் மோதும் என்று சொல்ல முடியாது. வண்டி மேல், சாலை மேல், ஓரக் கல் மேல் என்று அடுத்தடுத்துப் படலாம். வார் கட்டாத ஹெல்மெட் முதல் உலுக்கலிலேயே கழன்று ஓடிவிடும். அடுத்த அடி வெறும் தலைக்கு.

லாக் விழும்போது ஒரு சத்தம் கேட்கும் இல்லையா? டக். பல்லவி அங்கேயிருந்துதான் வந்தது. அந்தச் சத்தத்தைப் பறையால் அடிக்க முடியும், வாயால் சொல்ல முடியும், கையால் செய்ய முடியும். அன்று மாலை எழுதியது இப்படி:

தலையில வெச்சாப் போதுமா?
டக்குன்னு மாட்டுடா!

முதல் வரி முன்பாட்டுக்காரருக்கு. அது கேள்வி, "மா" என்று நெடிலில் முடிவதால் வேண்டிய மட்டும் இழுக்கலாம், இழுக்கிற நேரத்தில் கூட்டம் மூச்சை நிரப்பிக்கொள்ளும். இரண்டாவது வரி கூட்டத்துக்கு. "டக்" மேல் முதல் அடி, "குன்னு" மேல் இரண்டாவது, "மாட்டு" மூன்றாவது, "டா" நாலாவது. வாத்தியார் ஒரு தடவை அடித்துப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார்.

மறுநாள் இடத்தையும் மாற்றினோம். முந்தைய நாள் சாலை ஓரமாக வட்டம் போட்டதால் கூட்டம் வண்டிப் பாதைக்கு வழிந்தது. சாலைப் பாதுகாப்பு நாடகம் பார்க்க நிற்பவர் முதுகுக்குப் பின்னால் பேருந்து வரக் கூடாது என்று அனுமதி கேட்டு நிலையத்துக்குள், கடைகளின் வரிசைக்கு எதிரே போனோம். பின்னால் சுவர் இருந்ததால் குரலும் தங்கியது. இந்த முறை இரண்டாவது தடவையே பிள்ளைகள் நாலைந்து பேர் "டக்குன்னு மாட்டுடா" என்று சேர்ந்துகொண்டார்கள். நான் மனசுக்குள் துள்ளிக்கொண்டிருந்தபோது டீக்கடை பெஞ்சிலிருந்து ஒரு பெரியவர் எழுந்து வந்தார்.

"ஏந் தம்பி, ஊருக்கு நல்லதுதான் சொல்றீங்க. வயசுல மூத்தவனைப் பாத்து 'டா' போடலாமா? நான் எப்படி அதைத் திருப்பிச் சொல்லுவேன்? என் மருமகப் பிள்ளை பக்கத்துல நிக்கிறாரு."

அவர் சொன்னது அவ்வளவு சரி. திருப்பிச் சொல்ல முடியாத பல்லவி பல்லவியே இல்லை. பெண்கள் பக்கமிருந்து சத்தமே வராததற்குக் காரணமும் அதுதான் என்று அப்போது உறைத்தது. அவர்கள் யாரைப் பார்த்து "டா" போடுவார்கள்? "மாட்டுங்க" என்று மரியாதையாக்கிப் பார்த்தோம். அடி தவறவில்லை, ஆனால் "ங்க" என்பதில் வாய் திறக்காமல் ஒலி சப்பையாகிவிட்டது. மாணவர்களில் ஒரு பெண்தான் "மாட்டப்பா"ன்னா என்ன சார் என்றாள். ஒற்றை விட்டு எண்ணினால் அதே மூன்று எழுத்து நீளம், அதே ஆகாரம், யாரையும் யாரும் சொல்லலாம். உடனே இன்னொருத்தி "அப்ப மாட்டம்மா?" என்றாள். இரண்டையும் வைத்தோம். வட்டத்தின் ஒரு பாதி "மாட்டப்பா", மறு பாதி "மாட்டம்மா". இரண்டு கட்சியானதும் யார் சத்தம் பெரியது என்ற போட்டி தானாக வந்துவிட்டது.

முழுப் பாட்டு கடைசியில் இப்படி நின்றது:

சந்தைக்குப் போற எங்கண்ணே
சாவியப் போட்ட எங்கண்ணே
கண்ணாடி மேல தொங்குனது
காக்கியப் பாத்தா ஏறுனது

தலையில வெச்சாப் போதுமா?
டக்குன்னு மாட்டப்பா! டக்குன்னு மாட்டம்மா!

பக்கத்துத் தெருதான் போறேன்னே
பத்தே நிமிசம் வாறேன்னே
பள்ளம் தூரம் பாத்திடுமா
பழகின ஆளுன்னு விட்டிடுமா

தலையில வெச்சாப் போதுமா?
டக்குன்னு மாட்டப்பா! டக்குன்னு மாட்டம்மா!

தாடைக்குக் கீழ வாரைக் கட்டு
ரெண்டு வெரலு போற மட்டு
ஆட்டிப் பாரு அசையாது
இழுத்துப் பாரு கழலாது
பின்சீட்டு ஆளுக்கும் தலையுண்டு
பிள்ளைக்கும் தனியா ஒண்ணுண்டு

தலையில வெச்சாப் போதுமா?
டக்குன்னு மாட்டப்பா! டக்குன்னு மாட்டம்மா!

நாயி குறுக்க ஓடுச்சு
பிரேக்கு கிறீச்சுனு கத்துச்சு
ஹெல்மெட்டு உருண்டு போயிருச்சு
எங்கண்ணே...

தலையில வெச்சாப் போதுமா?
டக்குன்னு மாட்டப்பா.

மூன்றாவது கண்ணியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அதில் இருப்பது செய்முறை. வாருக்கும் தாடைக்கும் நடுவில் இரண்டு விரல் நுழைகிற இடம் போதும், அதற்கு மேல் தொய்வு கூடாது. கட்டிய பிறகு பின்பக்கம் பிடித்து முன்னால் தள்ளிப் பார்த்தால் ஹெல்மெட் நெற்றியைத் தாண்டிக் கழலக் கூடாது. கழன்றால் அளவு தப்பு, எவ்வளவு இறுக்கினாலும் பயனில்லை, வேறு அளவுதான் வாங்க வேண்டும். இந்தக் கண்ணி பாடும்போது நடிகர்கள் நாலு பேர் வட்டத்துக்குள் இறங்கி, ஹெல்மெட் கையில் வைத்திருப்பவர்களைக் கேட்டு வாங்கிப் போட்டுக் காட்டினார்கள். லாக் உடைந்திருந்தால் அவருக்கே அங்கே தெரிந்துவிடும். ஐ.எஸ்.ஐ. முத்திரையைப் பற்றியும் இரண்டு வரி இருந்தது, அடி சேராததால் எடுத்துவிட்டேன். அதைப் பாட்டு முடிந்த பிறகு பேச்சில் சொன்னார்கள்.

முதலில் இந்தக் கண்ணியை விபத்துக்குப் பின்னால்தான் வைத்திருந்தேன். விபத்து நடக்கிறது, பாடம் புரிகிறது, பிறகு செய்முறை என்பது என் கணக்கு. தெருவில் அது எடுபடவில்லை. நடிகர் விழுந்து பறை நின்றதும் கூட்டத்தின் மனசு அந்த இடத்திலேயே நின்றுவிடுகிறது. அதன் பிறகு விரல் அளவு சொன்னால் காது கேட்காது. சிலர் கிளம்பியும் விட்டார்கள். அதனால் கை வேலையை முன்னால் கொண்டுவந்து, விழுவதைக் கடைசிக்குத் தள்ளினோம்.

கடைசிக் கண்ணியில் "எங்கண்ணே" என்று வரி பாதியில் அறுந்ததும் வாத்தியார் இரண்டு குச்சியையும் பறை மேல் வைத்து அழுத்திவிடுவார், தோல் அதிரக்கூடாது. நாலு அடி நேரம் ஒன்றுமில்லை. முன்பாட்டுக்காரர் கத்தாமல், பேசுகிற குரலில் "தலையில வெச்சாப் போதுமா?" என்று கேட்பார். மூன்று தடவை பழகிய வாய் சும்மா இருக்காது, கூட்டத்தில் சிலர் பதிலுக்கு வாயைத் திறந்துவிட்டுச் சொல்லாமல் நிறுத்துவதை நான் பார்த்தேன். அந்த இடைவெளியில் பள்ளிப் பையோடு ஒரு மகள் வந்து, உருண்டு கிடக்கிற ஹெல்மெட்டை எடுத்து, விழுந்து கிடக்கிறவர் முன்னால் உட்கார்ந்து சொல்கிறாள், "டக்குன்னு மாட்டப்பா."

அந்த வரியை நான் அப்படி எழுதவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். "அப்பா" என்பது ஒரு பேச்சு வாலாகத்தான் பாட்டுக்குள் வந்தது, டீக்கடைப் பெரியவருக்காக. ஒத்திகையில் ஒரு மாணவி அதை ஒரு தடவை மெதுவாகச் சொன்னபோதுதான் எங்கள் எல்லோருக்கும் அது மகள் தகப்பனைக் கூப்பிடுவதாகக் கேட்டது. அவ்வளவு நேரம் கூட்டம் வேடிக்கையாகக் கத்தியது அதே சொல்தான். ஒரு எழுத்தும் மாறவில்லை, சொல்கிற ஆள் மட்டும் மாறினாள். பல்லவி என்று ஒன்றை வைத்துக்கொண்டு அதைத் திரும்பத் திரும்பச் சொல்வது இதற்குத்தான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

ஆனால் ஒன்றைக் கவனித்துக்கொள்ளுங்கள். அந்த வரியை அழுது சொன்னால் கெட்டுவிடும். இரண்டாவது ஆட்டத்தில் அந்த மாணவி உணர்ச்சிவசப்பட்டு விசும்பினாள், கூட்டத்தில் ஓரிருவர் சிரித்துவிட்டார்கள், பாவம். வீட்டு வாசலில் அப்பா வண்டியைக் கிளப்பும்போது தினமும் சொல்கிற மாதிரி, கொஞ்சம் சலிப்பாகச் சொல்லச் சொன்னோம். அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை.

அடுத்து ஒரு டக். பறையில் இல்லை, மேளத்தில் இல்லை. அவள் கையிலிருக்கும் ஹெல்மெட்டின் வாரை அவளே மாட்டுகிறாள். அந்தச் சத்தம் வட்டத்தின் முன்வரிசைக்குத்தான் கேட்கும், போதும். நாடகம் அங்கே முடிகிறது. கை தட்டச் சொல்ல வேண்டாம், நன்றி சொல்ல வேண்டாம், அதற்கு ஒரு நிமிடம் கழித்துப் பேசுகிறவர் பேசட்டும்.

பாட்டு வேலை செய்ததா என்று எப்படிப் பார்ப்பது? கை தட்டலை வைத்துச் சொல்ல முடியாது. நாங்கள் நிலையத்துக்கு வெளியே வண்டி நிறுத்துமிடத்தில் ஒரு மாணவரை நிற்கவைத்தோம். நாடகம் பார்த்துவிட்டு வருகிறவர் சாவி போட்ட பிறகு கை தாடைக்குப் போகிறதா என்பதை மட்டும் பார்க்கச் சொன்னோம். சிலருக்குப் போனது, சிலருக்குப் போகவில்லை. போனவர்கள் ஒரு வாரம் கழித்தும் மாட்டினார்களா என்பது அந்த மாணவருக்குத் தெரிய வழியில்லை, அதற்கு அதே சந்தை வாசலில் மாதம் கழித்து மறுபடி நின்று பார்க்க வேண்டும். இந்த வருஷம் ஆட்டத்துக்கு முன்னும் பின்னும் அப்படி நிற்பதாக முடிவு செய்திருக்கிறார்கள்.

பாட்டை எடுத்துக்கொள்கிறவர்கள் முதல் கண்ணியில் "சந்தைக்கு" என்பதை மாற்றிக்கொள்ளுங்கள். தறிக்குப் போகிற ஊரென்றால் தறிக்கு, மில்லுக்கு என்றால் மில்லுக்கு. மோனை போனாலும் பரவாயில்லை, தன் ஊரைச் சொன்னதும் கூட்டம் நிமிரும். "எங்கண்ணே" என்பதையும் உங்கள் பக்கத்து வழக்கத்துக்கு மாற்றலாம். "மாட்டப்பா"வை மட்டும் தொடாதீர்கள்.

டீக்கடைப் பெரியவரை மறுநாள் மாலை பார்த்தேன். எக்ஸ்.எல். வண்டியில் பின்னால் இரண்டு கீரைக் கட்டு. என்னைப் பார்த்ததும் நிறுத்தி, தொங்கிக்கொண்டிருந்த வாரைத் தூக்கிக் காட்டினார். லாக்கின் ஒரு பக்கம் உடைந்திருந்தது. "இது மட்டும் தனியா எங்க தம்பி கிடைக்கும்?" என்று கேட்டார். பழைய ஹெல்மெட், உள்ளே அடுக்கும் உதிர்ந்திருந்தது. லாக் மாற்ற வேண்டாம், புதிதாகவே ஒன்று வாங்கிவிடுங்கள் என்று சொல்லி, பக்கத்துக் கடையில் நாலைந்தைப் போட்டுப் பார்த்தோம். மூன்றாவதுதான் முன்னால் தள்ளியும் கழலவில்லை.